ஒரு மணி நேரம் தாமதம், நான்கு நாள் இழப்பு: கெடாவுக்குப் போகும் பார்சல்களின் கணக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கெடாவின் தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் ஒரே கேள்விதான். "பார்சல் வந்துவிட்டதா?" கிள்ளானில் வாங்கிய சேலை, கோலாலம்பூரில் தைக்கக் கொடுத்த ரவிக்கை, பிள்ளையின் உபகாரச் சம்பள விண்ணப்பம், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் பெண்மணி ஈப்போவுக்கு அனுப்பும் டின்கள் என்று எல்லாம் கூரியர் லோரியை நம்பித்தான் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே கடையில் ஒப்படைத்த இரண்டு பார்சல்களில் ஒன்று மறுநாளே வந்து சேர்கிறது. மற்றொன்று நான்கு நாள் கழித்து வருகிறது. அனுப்பியவர் கூரியர்காரரைத் திட்டுகிறார். பட்டுவாடா செய்யும் இளைஞரோ, அன்று காலையில்தான் அந்தப் பொட்டலத்தை முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

பெரும்பாலும் தவறு நடந்த இடம் அவருடைய மோட்டார் சைக்கிள் அல்ல. இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, முதல் நாள் இரவு, வகைப்பிரிப்பு மையத்தில் ஓடும் கன்வேயர் பட்டையில்தான் அந்தப் பார்சலின் விதி முடிவாகிறது. அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால், கடைகளில் எழுதி ஒட்டியிருக்கும் 'கட் ஆஃப்' நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் விளங்கும். கெடாவில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வார விடுமுறை என்பதால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது.

பட்டையின் மேல் நடப்பது என்ன?

மாலையில் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் சேகரித்த பார்சல்களோடு வேன்கள் மையத்துக்கு வருகின்றன. நீட்டி மடக்கக்கூடிய கன்வேயர் ஒன்று வேனுக்குள்ளேயே நுழைகிறது. ஊழியர்கள் பொட்டலங்களை அதன் மேல் வைக்கிறார்கள். முதலில் நடக்க வேண்டியது, குவியலாக வருவதை ஒவ்வொன்றாகப் பிரிப்பது. இரண்டு பார்சல்கள் ஒட்டிக்கொண்டு போனால் இயந்திரம் அவற்றை ஒன்றாகவே எண்ணிவிடும். அதனால் அடுத்தடுத்த பட்டைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடி, பொட்டலங்களுக்கு நடுவே இடைவெளி உண்டாக்குகின்றன. பல மையங்களில் இந்த வேலையை இன்னும் மனிதக் கைகளே செய்கின்றன.

அடுத்தது ஸ்கேனர் வளைவு. பார்சல் இந்த வளைவின் அடியில் கடக்கும் ஓரிரு விநாடிகளில், கேமராக்கள் அதன் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கின்றன. தராசு எடையைப் பார்க்கிறது. நீள, அகல, உயரமும் அளக்கப்படுகின்றன. பார்கோடில் இருப்பது பார்சலின் எண் மட்டும்தான். முகவரி கணினியில் இருக்கிறது. எண்ணைப் படித்தவுடன் கணினி அந்த முகவரியைத் தேடி, அஞ்சல் குறியீட்டைப் பார்த்து, எந்தச் சறுக்குப் பாதையில் தள்ள வேண்டும் என்று முடிவு செய்கிறது. 08000 என்றால் சுங்கை பட்டாணி, 08100 என்றால் பீடோங், 09000 என்றால் கூலிம். தலைநகருக்குப் பக்கத்திலுள்ள பெரிய மையத்தில் இவை எல்லாம் 'வடக்கு' என்ற ஒரே பாதையில் சேர்ந்து விழலாம். வடக்கே இருக்கும் மையத்தில் மீண்டும் ஒரு முறை ஊர் ஊராகப் பிரிப்பார்கள்.

பார்சலைத் தள்ளும் முறை பல வகை. பெரிய மையங்களில் வரிசையாகச் சிறு தட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தட்டிலும் குறுக்கே ஓடும் சிறிய பட்டை ஒன்று உண்டு. ஒரு தட்டில் ஒரு பார்சல். உரிய சறுக்குப் பாதைக்கு நேரே வந்ததும் அந்தச் சிறு பட்டை சுழன்று பொட்டலத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். சறுக்கி விழுந்த பார்சல்களை ஊழியர் பெரிய சாக்கில் போட்டுக் கட்டி, சாக்குக்கும் ஒரு பார்கோடு ஒட்டி, லோரியில் ஏற்றும்போது மீண்டும் ஸ்கேன் செய்கிறார்.

பார்கோடுக்குள்ளேயே சரிபார்ப்பு இலக்கம் இருப்பதால், ஸ்கேனர் ஒரு எண்ணை இன்னொன்றாகப் படிப்பது அரிது. படிக்க முடியாவிட்டால் 'படிக்கவில்லை' என்று ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கப்பட்டது மீண்டும் ஒரு சுற்று சுற்றும், அல்லது தனி மேசைக்குப் போகும். அங்கே ஒருவர் எண்ணைக் கையால் தட்டி ஏற்றுகிறார். சாதாரண இரவில் அது சில நிமிட வேலை. பண்டிகைக் கால இரவில் அந்த மேசையே ஒரு மலையாகிவிடும்; பார்சல் அன்றைய லோரியைத் தவறவிடும்.

இயந்திரத்துக்கும் ஓர் அளவு உண்டு

பெரிய இயந்திரம் இருக்கிறதே, எவ்வளவு வந்தாலும் பிரித்துவிடாதா என்று தோன்றலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். தட்டுகள் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன, ஒரு தட்டு முக்கால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 9,600 தட்டுகள் கடக்கும். ஆனால் எல்லாத் தட்டும் நிரம்பி ஓடாது. சில காலியாகப் போகும். சிலவற்றில் படிக்க முடியாத பார்சல் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நிரம்பிய சறுக்குப் பாதையில் விழ இடமில்லாமல் சில திரும்பி வரும். ஆகவே நடைமுறையில் மணிக்கு 7,000 பார்சல் என்று கொள்ளலாம்.

இரவு 7 மணி முதல் 10 மணி வரை மூன்று மணி நேரத்தில் இந்த இயந்திரம் 21,000 பார்சல்களைப் பிரித்து முடிக்கும். வரவேண்டியதும் 21,000தான். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் 8.30க்குள் 6,000 மட்டும் வந்து, மீதி 15,000 மொத்தமாக 8.30க்கு வந்து இறங்கினால் என்ன ஆகும்? முதல் ஒன்றரை மணி நேரத்தில் இயந்திரத்தால் 10,500 பார்சல்களைப் பிரித்திருக்க முடியும், வந்தது 6,000தான். அதாவது 4,500 பார்சலுக்கான நேரம் காலியாக ஓடிப் போனது. அதைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் 10,500தான் பிரிக்க முடியும். 10 மணிக்குப் பட்டையின் பின்னால் 4,500 பார்சல்கள் மிஞ்சி நிற்கும். மொத்த எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. வந்த நேரம் மட்டும்தான் தள்ளிப்போனது.

கட் ஆஃப் நேரத்தின் முதல் காரணம் இதுதான். கடைசி அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒப்படைத்தால் எவ்வளவு பெரிய இயந்திரமும் திணறும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு மக்கள் இணையத்தில் வாங்கிக் குவித்தபோது, நாடு முழுவதும் கூரியர் மையங்களில் பார்சல்கள் தேங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, இணையச் சந்தைகளின் 11.11 விற்பனை நாள் ஆகிய ஒவ்வொன்றின் முந்தைய வாரமும் அந்த நாள்களின் சிறிய பதிப்புதான்.

மாலை 4 மணி எங்கிருந்து வந்தது?

இரண்டாவது காரணம் லோரி. கட் ஆஃப் நேரத்தைக் கடைக்காரர் தன் வசதிக்காக வைத்ததாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெறுபவரின் வாசலிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்த நேரம். கிள்ளானிலிருந்து பீடோங்குக்கு மறுநாளே ஒரு பார்சல் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

பீடோங்கில் பட்டுவாடா செய்பவர் காலை 9 மணிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் சுங்கை பட்டாணிக் கிளையில் பார்சல்களைத் தெரு வாரியாகப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் தேவை. ஆக, 7.30க்குள் வேன் அங்கே வந்திருக்க வேண்டும். செபராங் பிறைப் பக்கம் உள்ள வட்டார மையத்திலிருந்து அந்த வேன் 6.30க்கே புறப்பட வேண்டும். அந்த மையத்தில் ஊர் ஊராகப் பிரித்து ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். அப்படியென்றால் தெற்கிலிருந்து வரும் பெரிய லோரி அதிகாலை 4 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தூரத்தைச் சரக்கு லோரி கடக்க, ஓட்டுநரின் ஓய்வையும் சேர்த்து ஐந்தரை மணி நேரம் வேண்டும். ஆகவே அது இரவு 10.30க்குக் கிளம்பியாக வேண்டும். அதற்காகத்தான் 10 மணிக்குச் சறுக்குப் பாதையை மூடிச் சாக்குகளைக் கட்டுகிறார்கள். 10க்கு முடிக்க 7 மணிக்குத் தொடங்க வேண்டும். 7 மணிக்குப் பட்டையில் சரக்கு இருக்க, வேன்கள் மாலை 4 மணிக்குக் கடைகளை விட்டுக் கிளம்பி, நெரிசலில் நீந்தி வந்து சேர வேண்டும்.

இவை எடுத்துக்காட்டு நேரங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் சங்கிலி இப்படித்தான் கோக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சிய பார்சல்களுக்காக லோரி அரை மணி நேரம் காத்திருந்தால் வட்டார மையத்தில் பிரிப்பு தள்ளிப்போகும். அங்கிருந்து போகும் ஒவ்வொரு வேனும் தாமதமாகும். அந்த லோரியில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கான பார்சல்களும் ஒரு நாளை இழக்கும். அதனால் லோரி காத்திருப்பதில்லை. 4.05க்கு வந்தவருக்கு இழப்பு ஐந்து நிமிடம் அல்ல, ஒரு முழு நாள்.

தோட்டப்புறத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். வேன் முதலில் தூரத்துக் கடைகளில் எடுத்துக்கொண்டு நகரம் நோக்கி வருகிறது என்றால், கூலிம் நகரில் மாலை 5 மணி வரை வாங்கும் அதே நிறுவனம், பாடாங் செராய்க்கு உள்ளே ஒரு தோட்டத்தை ஒட்டிய மளிகைக் கடையில் பிற்பகல் 2 மணிக்கே சரக்கை எடுத்துவிடக்கூடும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 5 மணி என்று பார்த்துவிட்டு 3 மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர், அன்றே அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். கேட்க வேண்டிய கேள்வி "கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?" என்பதல்ல, "இன்றைய வேன் எத்தனை மணிக்கு எடுக்கும்?" என்பதுதான்.

கெடாவின் வெள்ளிக்கிழமை

இங்கேதான் கெடாவுக்கே உரிய சிக்கல் வருகிறது. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. இந்த வரிசையில் இருந்த ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கூரியரின் பெரிய மையங்களும் லோரிகளும் நாடு முழுவதற்கும் பொதுவான வாரத்தில் ஓடுகின்றன. ஆகவே கெடாவில் கதவு மூடியிருக்கும் வெள்ளிக்கிழமை கிள்ளானில் வேலை நாள். கெடாவில் அலுவலகம் திறக்கும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஓய்வு நாள்.

ஒரு மாணவி கிள்ளானிலிருந்து அலோர்ஸ்டாரில் உள்ள மாநில அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடையில் கட் ஆஃப் மாலை 4 மணி. புதன்கிழமை 3.30க்குக் கொடுத்தால், அன்றிரவே பட்டையில் ஏறி, வியாழன் காலை அலோர்ஸ்டாருக்குப் போய், அலுவலகம் மூடுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடும். அதே புதன்கிழமை 4.30க்குக் கொடுத்தால், வேன் வியாழன் மாலையில்தான் எடுக்கும். வெள்ளி காலை அலோர்ஸ்டாரில் பார்சல் தயாராக இருக்கும். அலுவலகம் பூட்டியிருக்கும். சனியும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். ஆனால் அந்த நிறுவனம் ஞாயிறு பட்டுவாடா செய்யாவிட்டால் திங்கள் ஆகிவிடும். கொடுத்ததில் வித்தியாசம் ஒரு மணி நேரம். போய்ச் சேர்வதில் வித்தியாசம் வியாழனுக்கும் திங்களுக்கும் இடையே நான்கு நாள். இறுதி நாள் ஞாயிறு என்று விண்ணப்பப் படிவத்தில் இருந்திருந்தால், அந்த ஒரு மணி நேரம் ஓர் ஆண்டையே விழுங்கியிருக்கும்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். சுங்கை பட்டாணியில் உள்ளவருக்கு ஞாயிறு வேலை நாள். அன்று காலையில் கடையில் கொடுத்துவிட்டு, திங்களன்று புத்ராஜெயாவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பார். ஞாயிறு இரவு நெடுந்தூர லோரி ஓடாத நிறுவனமாக இருந்தால், பார்சல் திங்கள் இரவுதான் தெற்கே கிளம்பும். உணவுப் பொருள் விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வியாழன் மாலை வேனைத் தவறவிட்ட லட்டுப் பெட்டி, வாரக் கடைசி முழுவதும் சூடான கிடங்கில் கிடக்க நேரலாம்.

பார்சல் எங்கே சிக்கியது என்று எப்படி அறிவது?

ஒவ்வொரு ஸ்கேனும் கண்காணிப்புப் பக்கத்தில் ஒரு வரியாக விழுகிறது. அந்த வரிகளைச் சரியாகப் படித்தால் தவறு நடந்த இடம் தெரிந்துவிடும். எண் பதிவானது மட்டும் இருந்து, எடுத்துக்கொண்டதற்கான வரி இல்லையென்றால், பார்சல் இன்னும் கடையில்தான் இருக்கிறது; வேனைத் தவறவிட்டிருக்கிறது. மையத்துக்கு வந்தது என்று இருந்து, ஒரு நாள் கடந்தும் கிளம்பியது என்று வராவிட்டால், ஒன்று தேக்கம், அல்லது பார்கோடு படிக்காமல் தனி மேசையில் கிடக்கிறது. பீடோங்குக்குப் போக வேண்டியது வேறு ஊர்க் கிளைக்கு வந்ததாகக் காட்டினால் தவறான பாதையில் விழுந்திருக்கிறது. முதலில் அனுப்பியவர் தாம் எழுதிய அஞ்சல் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

குறியீடு என்பது மாநில எல்லையைப் பார்த்து வைத்தது அல்ல, பட்டுவாடா வழியைப் பார்த்து வைத்தது. கெடாவின் தெற்குக் கோடியில் உள்ள பண்டார் பாருவுக்குப் பேராக் பக்கத்து எண்களைப் போல 34950 இருப்பது இதற்கு நல்ல சான்று. பாடாங் செராய் 09400, லூனாஸ் 09600 என்று தனித்தனியாக இருக்கும்போது, எல்லாம் கூலிம் மாவட்டம்தானே என்று 09000 போட்டால், இயந்திரம் சொன்னபடி கேட்டுக் கூலிம் சாக்கில் போட்டுவிடும். கூலிம் கிளையில் ஒருவர் கண்ணில் பட்டுத் திருப்பி அனுப்பும்வரை அது அங்கேயே இருக்கும்.

பார்கோடு படிக்காமல் போவதற்கும் சாதாரணக் காரணங்களே உண்டு. பளபளப்பான ஒட்டுநாடாவைப் பார்கோடின் மேலேயே ஒட்டினால் ஒளி பட்டுத் தெறிக்கும். சேலை போட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை மடிந்தால் கோடுகளும் மடியும். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தி, பழைய சீட்டைக் கிழிக்காமல் விட்டால் இயந்திரம் இரண்டு எண்களைப் பார்த்துக் குழம்பும். முறுக்கு டின்னை அப்படியே உருளையாக அனுப்பினால் அது பட்டையில் உருண்டு ஓடும், சீட்டும் வளைந்திருக்கும். டின்னைச் சதுரப் பெட்டிக்குள் வைத்து, மேல் பக்கத்தில் சமமாகச் சீட்டை ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். எண்ணெய்க் கையால் சீட்டைத் தொட்டால் எழுத்து மங்கும் என்பதையும் பலகாரம் செய்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனர் பார்க்காத கடைசி இரண்டு கிலோமீட்டர்

இயந்திரம் எல்லாம் சரியாகச் செய்த பிறகும் தோட்டத்தில் ஒரு தடை உண்டு. முன்பு கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வரும்; கிராணி பெயர் பார்த்துக் கொடுத்தனுப்புவார். முகவரியில் பெயரும் தோட்டமும் இருந்தால் போதும். இன்று பார்சலைக் கொண்டு வருபவர் அந்தத் தோட்டத்தை அறியாத ஓர் இளைஞராக இருக்கலாம். வரிசை வீடுகளில் எண் தெளிவாக இல்லை; செம்மண் சாலையில் பெயர்ப் பலகை இல்லை. பெறுபவரின் கைப்பேசிக்கு அழைத்தால், பால் மரக் காட்டிலோ செம்பனைத் தோட்டத்திலோ இருப்பவருக்கு அலைவரிசை கிடைக்காது. 'பட்டுவாடா முயற்சி தோல்வி' என்று பதிந்துவிட்டு அவர் அடுத்த இடத்துக்குப் போகிறார். பார்சல் மீண்டும் கிளைக்குத் திரும்புகிறது. இன்னொரு நாள் போகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தோட்டத்தின் பெயரோடு பிரிவு, வரிசை, வீட்டு எண், அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளி ஆகியவற்றை எழுதி, பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணை இரண்டாவதாகக் கொடுக்கலாம். தோட்டத்து மளிகைக் கடையையோ நகரத்தில் உள்ள பெறுமிடத்தையோ முகவரியாகக் கொடுப்பதும் பலருக்கு உதவியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஒவ்வொரு ஒப்படைப்புக் கடையிலும் அந்தக் கடைக்குரிய வேன் நேரத்தையும், வியாழன், ஞாயிறு நாள்களில் என்ன நடக்கும் என்பதையும் எழுதி ஒட்ட ஒரு தாள் போதும். நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தை இணையத்தில் போட்டுவிட்டு இருப்பது கெடா மக்களுக்கு உதவாது. விண்ணப்பங்களுக்கு இறுதி நாள் குறிக்கும் அலுவலகங்களும், ஞாயிறு அல்லது திங்களைக் குறிக்காமல் செவ்வாய் அல்லது புதனைக் குறித்தால் எத்தனையோ மாணவர்கள் தப்பிப்பார்கள். கூரியர் சேவைகள் 2012ஆம் ஆண்டு அஞ்சல் சேவைச் சட்டத்தின் கீழ் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கண்காணிப்பில் இருப்பவை. நிறுவனத்திடம் கேட்டும் பதில் வராவிட்டால், ஒப்படைத்த நேரம் உள்ள ரசீதோடும் கண்காணிப்புப் பக்கத்தின் படத்தோடும் அங்கே புகார் செய்யலாம். அந்த ரசீதில் உள்ள நேரம் அன்றைய வேனுக்கு முன்பா, பின்பா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்தத் தீபாவளிக்கு அனுப்புபவர்கள் நாள்காட்டியில் பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளட்டும். நடுவே வரும் வெள்ளியையும் சனியையும் ஞாயிறையும் கழித்துவிடட்டும். மிஞ்சும் நாளுக்கும் ஒரு நாள் முன்னதாக, வேன் வருமுன்னே, பார்சல் கடையில் இருக்கட்டும்.